எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது

“அன்புள்ள டாக்டருக்கு வணக்கம். எனக்கு 73 வயது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து வாரமாகப் படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நாலடி வைப்பதற்குள் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. திரும்ப உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறது. ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போக எழும்போதும் விடியற்காலையிலும்தான் அதிகம்.

சாப்பிடும் மருந்துகள்: காலை 7 மணிக்கு டெல்மிசார்ட்டன்-எச் 40, அம்லோடிபின் 5, பான்டோபிரசோல் 40. டிபனுக்கு முன் கிளிமிபிரைடு 1. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 (14 வருடமாக). மதியம் ஆஸ்பிரின் 75. இரவு அடோர்வாஸ்டாட்டின் 10, கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 10. ஆறு வாரத்துக்கு முன் யூராலஜி டாக்டர் புராஸ்டேட்டுக்காக எழுதிக் கொடுத்த டாம்சுலோசின் 0.4 காப்ஸ்யூல், படுக்கப்போகும் முன் பத்தரை மணிக்கு.

மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்து பார்த்தால் பிரஷர் 128/76. ‘நார்மல்தான் சார்’ என்கிறார்கள். நர்ஸாக இருக்கும் மருமகள் படுக்க வைத்துப் பார்த்தாள்: 146/82, நாடி 72. எழுந்து நின்று மூன்றாவது நிமிடம்: 114/68, நாடி 79. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது.”

அன்புள்ள சார், வணக்கம்.

பிரஷர் மாத்திரைகளை மொத்தமாக நிறுத்த வேண்டாம். அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு பகுதியை மட்டும் நாளை முதல் எடுத்துவிடுகிறேன், ராத்திரிக் காப்ஸ்யூலின் நேரத்தையும் மாற்றுகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் நீங்கள் எந்த மருந்தையும் மாற்ற மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பாதி வேலையை உங்கள் மருமகளே முடித்துவிட்டார். நிமிரும்போது, இரவு, விடியற்காலை, உட்கார்ந்தால் தெளிவு என்று நீங்கள் எழுதியதே ஒரு பக்கம் கைகாட்டுகிறது. காதுக் கோளாறால் வருவது வேறு மாதிரி இருக்கும். படுத்தபடி புரண்டாலே அறை சுழலும், உட்கார்ந்தாலும் உடனே அடங்காது. சுகர் இறங்குவதும் வேறு. கை நடுங்கி, வியர்த்து, பசி எடுக்கும், நின்றாலும் படுத்தாலும் ஒன்றுதான். கிளிமிபிரைடு சாப்பிடுகிறீர்கள் என்பதால் ஒரு தடவையாவது கண் இருட்டும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தனி விஷயம், அன்றே எனக்குப் போன் செய்யுங்கள்.

இப்போது அந்த எண்கள். படுத்தபோது மேல் அளவு 146, நின்றபோது 114. 32 இறங்கியிருக்கிறது. கீழ் அளவு 82-லிருந்து 68, அதாவது 14. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே நாங்கள் அதை நோயாகக் கணக்கில் எடுப்போம். உங்களுக்கு இரண்டும் தாண்டிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தால் இது சிக்காது. அவர்கள் சொன்ன 128/76 பொய் இல்லை, ஆனால் உங்கள் பிரச்சினை நாற்காலியில் இல்லையே.

நாம் நிமிர்ந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கித் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அந்த நிமிடம் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் நெஞ்சின் பெரிய தமனியிலும் இருக்கும் உணர்விகள் இதைக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்ல, நரம்புகள் கால் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும், இதயமும் கொஞ்சம் வேகமாக அடிக்கும். சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. வயதானால் இந்த ஏற்பாடு மந்தமாகிறது. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் கால் நரம்பைக் கெடுப்பதுபோல் இந்த நரம்புகளையும் கெடுக்கிறது.

அதற்கான தடயம் மருமகள் குறித்த நாடியிலேயே இருக்கிறது. பிரஷர் 32 இறங்கியும் நாடி 72-லிருந்து 79-க்குத்தான் ஏறியிருக்கிறது. உடம்பில் வெறுமனே தண்ணீர் குறைந்திருந்தால் நாடி இன்னும் நன்றாகவே தாவியிருக்கும். நாடி எத்தனை ஏறியது என்பதை மேல் அளவு எத்தனை இறங்கியது என்பதால் வகுத்துப் பார்ப்போம். அரைக்குக் கீழே வந்தால் நரம்பும் சோர்ந்திருக்கிறது என்று சந்தேகிப்போம். உங்களுக்கு 7-ஐ 32-ஆல் வகுத்தால் கால் பங்குகூட வரவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஆனாலும் கால் எரிச்சலோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது.

சரி, நரம்பு பல வருடமாகவே சோர்ந்திருக்கும். அப்புறம் ஏன் ஐந்து வாரமாக மட்டும்? மருந்துப் பட்டியலில் மூன்று பேர் ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக வந்தவர் டாம்சுலோசின். அது வந்து ஒரு வாரத்தில் கண் இருட்டத் தொடங்கியிருக்கிறது. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் இருக்கும் தசைகளைத் தளர்த்தி சிறுநீரை எளிதாக விடவைப்பது அதன் வேலை. அதே வகைத் தசை இரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. புராஸ்டேட்டைக் குறிவைத்தே செய்த மருந்துதான், பழைய மருந்துகளைவிட இது மேல். ஆனாலும் குழாய்களையும் ஓரளவு தளர்த்தும், நிற்கும்போது குழாயை இறுக்கும் வேலைக்கு அது இடைஞ்சல்.

யூராலஜி டாக்டர் எழுதியதில் தவறில்லை. நீங்கள் போடும் நேரம்தான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் காப்ஸ்யூலைச் சாப்பிட்டு அரை மணி கழித்துப் போட வேண்டும், தினமும் அதே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு. நீங்களோ ஏழரைக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்வீர்கள். பத்தரைக்கு வயிறு கிட்டத்தட்டக் காலி. வெறும் வயிற்றில் இந்த மருந்து இரத்தத்தில் கூடுதலாகவும் வேகமாகவும் ஏறும், நாலைந்து மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். பத்தரையோடு நாலரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மூன்று மணி. நீங்கள் எழுந்திருக்கும் நேரம் அதேதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் உச்சம் வர ஆறேழு மணி நேரம் ஆகும், அந்த உச்சமும் குட்டையாக இருக்கும். அதற்காக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினால் உச்சம் மறுபடியும் இரண்டு மூன்று மணிக்கே வந்து விழும். காலையில் மாற்றினால் பிரஷர் மாத்திரைகளோடு அடுக்கிக்கொள்ளும். ஆகவே மதியம். சாப்பிட்டு அரை மணி கழித்துப் போடுங்கள். உச்சம் ராத்திரி எட்டு மணி வாக்கில் வரும், அப்போது நீங்கள் விழித்துக்கொண்டு வீட்டோடு இருப்பீர்கள். மருந்து இரத்தத்தில் நெடுநேரம் தங்கும் என்பதால் ராத்திரி முழுக்க விடுதலை கிடைக்காது, முனை மழுங்கும். காப்ஸ்யூலைத் திறந்தோ மென்றோ சாப்பிடாதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் ராத்திரியில் டியூப் போட வேண்டிவரும்.

இரண்டாமவர் உங்கள் பட்டியலில் ஒரே ஓர் எழுத்தாக ஒளிந்திருக்கிறார். டெல்மிசார்ட்டன்-எச் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘எச்’. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் பாருங்கள், டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராமுக்குக் கீழே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம் என்று இருக்கும். ஒரே மாத்திரைதான், ஆனால் மருந்து இரண்டு. இரண்டாவது, உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. ஒன்றுக்கு அடிக்கடி போகிறது என்று ஒரு டாக்டரிடம் போயிருக்கிறீர்கள், சிறுநீரைக் கூட்டும் மருந்தை இன்னொரு டாக்டர், அதாவது நான், தந்துகொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் பிரஷருக்கு இது நன்றாகவே வேலை செய்தது. இந்த வெயிலில், உங்கள் வயதில், இன்னொரு மருந்து குழாய்களைத் தளர்த்தும்போது இது தேவையில்லை. வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும். சோடியம் குறைந்தால் அதுவே தள்ளாட்டம் தரும்.

நாளை காலை முதல் ‘எச்’ இல்லாத வெறும் டெல்மிசார்ட்டன் 40 வாங்கிப் போடுங்கள், சீட்டு இதோடு இருக்கிறது. கடையில் பேரைச் சொல்லி வாங்கினால் பழக்கத்தில் பழைய அட்டையையே எடுத்துக் கொடுப்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். அம்லோடிபின் அப்படியே தொடரட்டும். நின்றால் இறங்குகிறது என்பதற்காக எல்லாவற்றையும் நிறுத்தினால் படுத்திருக்கும்போது இப்போதே 146 இருப்பது இன்னும் மேலே போகும், கட்டுப்படாத பிரஷர் இந்த இறக்கத்தையும் மோசமாக்கும். படுத்த அளவு 150 வரை போனாலும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வேன். இப்போது நீங்கள் ராத்திரி கீழே விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பயம்.

மூன்றாமவர் அமிட்ரிப்டிலின். 10 மில்லிகிராம் சின்ன அளவுதான், கால் எரிச்சலுக்கு நல்ல மருந்தும்கூட. ஆனால் அதுவும் இரத்தக் குழாய் இறுகுவதைத் தடுக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவை இது குறைக்கும். புராஸ்டேட் வீங்கியவருக்கு இதனால் சிறுநீர் இன்னும் சிக்கும். கால் எரிச்சலுக்கு இதைக் கொடுத்தோம். சிறுநீர் சிக்கியதில் இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். சிக்கியதற்கு டாம்சுலோசின் வந்தது. அது வந்ததும் தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை நானே எழுதியிருந்தால் சங்கிலி இன்னும் நீண்டிருக்கும். கடையில் தலைசுற்றலுக்கென்று சொல்லிக் கொடுக்கும் மாத்திரை எதையும் வாங்காதீர்கள். அவை காதுக் கோளாறுக்கு உதவலாம், உங்களுக்கு உதவாது. சிலவற்றில் தூக்கமும் தள்ளாட்டமும் கூடும்.

சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தால் மெட்ஃபார்மின் வருகிறது. நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அது பி12 வைட்டமினைக் குறைக்கும், பான்டோபிரசோலும் தன் பங்குக்குக் குறைக்கும். நீங்கள் சைவம் வேறு. பி12 குறைந்தால் கால் எரியும், நிற்கும்போது பிரஷரைத் தாங்கும் நரம்புகளும் கெடும். சர்க்கரைதான் காரணம் என்று நாம் நினைத்திருக்கும் எரிச்சலில் ஒரு பங்கு பி12 ஆக இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிக்கட்டலாம், அமிட்ரிப்டிலினை விடுவதும் எளிதாகிவிடும். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. பான்டோபிரசோல் எதற்கென்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஆஸ்பிரினால் வயிறு புண்ணாகாமல் இருக்கத்தான். அதனால் அதையும் இப்போது தொட வேண்டாம்.

அமிட்ரிப்டிலினை ஏன் நாளையே நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, கால் எரிச்சலும் திரும்பி வந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ‘எச்’ போவதும் காப்ஸ்யூல் நேரம் மாறுவதும் முதலில் நடக்கட்டும். பத்து நாள் பொறுத்துப் பார்த்து, இறக்கம் 20-க்குக் கீழே வரவில்லை என்றால் அடுத்தது அமிட்ரிப்டிலின்.

அதுவரை விழாமல் இருக்க வேண்டுமே. ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு யூரின் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கழிவறைக்குப் போனாலும் உட்கார்ந்துதான் போக வேண்டும். சிறுநீர் முழுக்க இறங்கி முடிந்த அந்த நிமிடத்தில் பிரஷர் ஒரு தடவை சரியும், நின்றபடி போகும் ஆண்கள் அப்படித்தான் மயங்கி விழுகிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள், விளக்கு எரியட்டும். எழும்போது ஒரே மூச்சில் எழ வேண்டாம். முதலில் கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழுமாக ஒரு இருபது முப்பது தடவை ஆட்டுங்கள். கெண்டைக்கால் தசை தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். இரண்டு நிமிடம் கழித்து எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நின்ற இடத்திலேயே கண் இருட்டத் தொடங்கினால் ஒரு காலை மறு கால்மேல் பின்னி, தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்குங்கள். கூடினால் யோசிக்காமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

விடியற்காலையில் எழும் முன், படுக்கையிலேயே உட்கார்ந்து இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் சற்று இருங்கள். அரை லிட்டர் அளவு தண்ணீர் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களில் நிற்கும்போதைய பிரஷர் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், நரம்பு சோர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே கேட்கும். உங்கள் இதயமும் சிறுநீரகமும் போன தடவை வரை சரியாக இருந்ததால் சொல்கிறேன். கால் வீங்கவோ படுத்தால் மூச்சு வாங்கவோ செய்தால் இதை விட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். காப்பி அதற்கப்புறம் வழக்கம்போல.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து நாலைந்து அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், மொத்தக் கட்டிலும் சாய்வாக இருக்க வேண்டும். தட்டையாகப் படுத்தால் ராத்திரி பிரஷர் ஏறி, சிறுநீரகம் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடுகிறது. விடிவதற்குள் உடம்பு வற்றியிருக்கும். சாய்வாகப் படுத்தால் அது குறையும், ராத்திரி எழுவதும் ஒரு தடவை குறையலாம். அம்மா செங்கல்லைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காலையில் சுடச்சுடக் குளித்துவிட்டு உடனே கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டு எழுவீர்கள் என்று அறிவேன். சுடுதண்ணீர் குழாய்களை விரிக்கும், குப்புற விழுந்து எழுவது படுத்து எழுவதற்குச் சமம். இந்த மாதம் வெதுவெதுப்பாகக் குளித்து, நின்றபடியே கும்பிடுங்கள். மதியச் சாப்பாட்டை ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பாதியாக்கி, மீதியை நாலு மணிக்கு வைத்துக்கொண்டால் நல்லது. வயிறு நிரம்பினால் இரத்தம் அங்கே ஓடி, ஒரு மணி நேரத்துக்கு இதே தொல்லை வரும். இதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிடச் சொல்வார்கள், உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் அது வேண்டாம்.

மருமகளிடம் இன்னும் ஒரு வேலை சொல்லுங்கள். மூன்று நாள், காலையில் மாத்திரைக்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்த பிறகு ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பார்க்கட்டும். ஒவ்வொன்றிலும் நாடியையும் குறிக்க வேண்டும். நிற்கும்போது கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டி இறக்கத்தை மறைத்துவிடும். கையை நெஞ்சு மட்டத்தில் அவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். கண் இருட்டினால் மூன்று நிமிடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், உட்கார வைத்துவிட்டு அந்த நேரத்தைக் குறித்தால் போதும். அதில் ஒரு நாள் மட்டும் சாயங்காலமும் பார்த்தால் எனக்கு உதவும்.

இரத்தப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறேன்: ஹீமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், பி12, மூன்று மாதச் சர்க்கரை. ஹீமோகுளோபின் ஏன் என்றால், ஆஸ்பிரின் வயிற்றில் சத்தமில்லாமல் இரத்தம் கசிய வைக்கும், அதுவும் இதே மாதிரி கண்ணை இருட்டும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நினைவு தப்பி விழுந்தாலும், நெஞ்சு வலித்தாலும், நாடி தாறுமாறாக அடித்தாலும், பேச்சு குழறினாலும், ஒரு பக்கம் கை கால் மரத்தாலும் என்னைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் போக வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாகக் கசியும் வாய்ப்பு அதிகம்.

பத்து நாள் கழித்து வாருங்கள். காலை மாத்திரைகளைப் போட்டு டிபனும் சாப்பிட்டுவிட்டே வர வேண்டும், மருந்து உள்ளே இருக்கும்போது நின்றால் என்ன ஆகிறது என்றுதான் நான் பார்க்க வேண்டும். ஈசிஜி இங்கேயே எடுத்துவிடலாம். பட்டியலுக்குப் பதில் எல்லா அட்டைகளையும், பழையது புதியது என்று பார்க்காமல், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

கண்புரை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழித்திரையை அது தொளதொளப்பாக்கி ஆபரேஷனைச் சிக்கலாக்கும். முன்பே தெரிந்தால் அவர்கள் அதற்குத் தயாராக இருப்பார்கள். முன்கூட்டி நிறுத்தினாலும் இந்த விளைவு போய்விடும் என்று சொல்ல முடியாது, அதனால் சொல்லாமல் நாலு நாள் நிறுத்திவிட்டுப் போவதில் பயனில்லை. அவருக்குக் காட்ட ஒரு குறிப்பு எழுதி இந்தச் சீட்டின் பின்னால் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்